சப்ளையர் 86,420 என்கிறார், நம் லெட்ஜர் 56,080 என்கிறது: மெயிலிலேயே தீர்ப்பது எப்படி?

[திரையில்: இரண்டு எண்கள் அருகருகே. 86,420 / 56,080]

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். மாத முதல் வாரத்தில் அடிக்கடி வரும் போன் இதுதான்: "அண்ணே, சப்ளையர் ஸ்டேட்மென்ட் அனுப்பியிருக்கிறார். நாம எழுதினதை விட முப்பதாயிரம் ரேண்ட் கூட இருக்கு. என்ன பதில் போடுறது?"

இந்த வீடியோவில் எடுத்துக்கொள்வது சாட்ஸ்வர்த்தில் உள்ள ஒரு மளிகைக் கடையின் கணக்கு. விளக்குவதற்காக எண்களை நானே அமைத்திருக்கிறேன். மே 31 நிலவரப்படி மசாலா சப்ளையரின் ஸ்டேட்மென்ட் 86,420 ரேண்ட் பாக்கி என்கிறது. கடையின் லெட்ஜரில் 56,080. வித்தியாசம் 30,340.

"உங்கள் கணக்கு தப்பு, சரிபாருங்கள்" என்று உடனே மெயில் போட்டுவிடத் தோன்றும். போடாதீர்கள். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் நூறு கடைகளின் கணக்கைப் பார்க்கும் கிளார்க். அவர் அதே ஸ்டேட்மென்டை மறுபடி இணைத்து அனுப்புவார், ஒரு வாரம் போய்விடும். முதல் மெயிலில் கேட்க வேண்டியது வேறு: கடைசியாக இரு பக்கமும் ஒத்துப்போன தேதியிலிருந்து, ஒவ்வொரு இன்வாய்ஸும் ஒவ்வொரு பேமென்ட்டும் தனித்தனி வரியாக வரும் பட்டியல், எக்செல் வடிவில். "முந்தைய பாக்கி" என்று ஒரே வரியில் தொடங்கும் ஸ்டேட்மென்டை வைத்து எதையும் பொருத்த முடியாது. நம் கடைக்கு ஏப்ரல் 30 வரை ஒத்துப்போயிருந்தது, அதனால் மே மாதம் மட்டும் போதும்.

[திரையில்: எக்செல் தாள். இடப்பக்கம் சப்ளையர் பட்டியல், வலப்பக்கம் நம் லெட்ஜர்]

A, B பத்திகளில் அவர்களுடைய இன்வாய்ஸ் எண்ணும் தொகையும். D, E பத்திகளில் நம்முடையவை. C பத்தியில் இந்த ஃபார்முலா:

```
=IFERROR(B2-VLOOKUP(A2,D:E,2,FALSE),"இல்லை")
```

கீழே வரை இழுத்துவிட்டால், ஒத்துப்போனதெல்லாம் 0 ஆகிவிடும். எல்லா வரியிலும் "இல்லை" என்று வந்தால் பயப்பட வேண்டாம். அவர்கள் INV4417 என்று எழுதியிருப்பார்கள், நீங்கள் வெறும் 4417 என்று. இல்லையென்றால் ஒரு பக்கம் எண், மறு பக்கம் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கும். ஒரே மாதிரி ஆக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

நம் தாளில் 0 ஆகாமல் நின்றவை மூன்று இன்வாய்ஸ். இன்வாய்ஸ் எண் இல்லாததால் ஃபார்முலாவுக்குள் வராத பேமென்ட் ஒன்று. நான்கையும் பார்ப்போம்.

முதலில் பேமென்ட், 22,150 ரேண்ட். மே 31 சனிக்கிழமை கடைக்காரர் இஎஃப்டி மூலம் அனுப்பினார். சப்ளையருக்கு வேறு பேங்க், பணம் திங்கட்கிழமை ஜூன் 2 அன்றுதான் அவர் கணக்கில் விழுந்தது. யார் மேலும் தப்பில்லை. பேமென்ட் ப்ரூஃபை இணைத்தால் போதும். ஆனால் ரெஃபரன்ஸில் கடைப் பெயரை மட்டும் போட்டால், அந்தப் பணம் அவர்களிடம் யார் கணக்கிலும் சேராமல் கிடக்க வாய்ப்பு உண்டு. ஸ்டேட்மென்டின் மேலே உள்ள உங்கள் அக்கவுண்ட் எண்ணைப் போடுங்கள்.

இரண்டாவது, இன்வாய்ஸ் 4417, 6,900 ரேண்ட். மே 29 தேதியிட்டது, சரக்கு ஜூன் 2 அன்று இறங்கியது. நம் மே லெட்ஜரில் அது இல்லை. இதுவும் தேதி விவகாரம்தான்.

மூன்றாவதில்தான் உண்மையான வாக்குவாதம். இன்வாய்ஸ் 4389, மிளகாய்த்தூள் 40 பெட்டி, பெட்டி 460 ரேண்ட், மொத்தம் 18,400. வந்து இறங்கியது 37. கடைப் பையன் வந்ததை மட்டும் எழுதி 17,020 என்று பதிந்துவிட்டான். வித்தியாசம் 1,380.

[திரையில்: டெலிவரி நோட். "40" அடிக்கப்பட்டு பக்கத்தில் "37", டிரைவர் கையெழுத்து, தேதி]

எல்லாம் இந்தத் தாளில் இருக்கிறது. டிரைவர் முன்னால் எண்ணி, 40-ஐ அடித்து 37 என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்டிருந்தால் கிரெடிட் நோட் கேட்க வழி இருக்கிறது. எண்ணாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் எவ்வளவு அழகாக மெயில் எழுதினாலும் அவர்கள் மனம் வைத்தால்தான் உண்டு. இன்னொன்று: மசாலாவுக்கு 15 சதவீத வாட் உண்டு. அந்த 1,380-இல் சரக்கின் விலை 1,200, வாட் 180. கிரெடிட் நோட்டில் அந்த 180 தெரிகிறதா என்று பாருங்கள். இதே குறை அரிசியிலோ பருப்பிலோ வந்திருந்தால் வாட் பேச்சே இல்லை, அவை இந்த நாட்டில் பூஜ்ய விகிதப் பொருள்கள்.

இப்போது கூட்டுங்கள். 22,150, 6,900, 1,380. மொத்தம் 30,430. ஆனால் நம் வித்தியாசம் 30,340. தொண்ணூறு ரேண்ட் இடிக்கிறது. "தொண்ணூறுதானே, விடுங்க" என்று சொல்லும் கடைக்காரர்களை எனக்கு நன்றாகத் தெரியும். விடக்கூடாது. சின்ன மீதிக்குப் பின்னால் எதிரெதிர்த் திசையில் இரண்டு பெரிய தப்புகள்கூட ஒளிந்திருக்கலாம். இங்கே அப்படி இல்லை: இன்வாய்ஸ் 4352 அவர்களிடம் 5,670, நம்மிடம் 5,760. இலக்கம் இடம் மாறிவிட்டது. அப்படி மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும், 90 வகுபடுகிறது. ஒற்றை மீதி நின்றால் நான் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான்.

இப்போது மெயில்.

[திரையில்: மெயில்]

"வணக்கம். மே 31 ஸ்டேட்மென்ட், அக்கவுண்ட் எண் தலைப்பில். உங்கள் பாக்கி 86,420. இதில் மே 31 அன்று நாங்கள் செலுத்திய 22,150 சேரவில்லை, ப்ரூஃப் இணைப்பு 1. இன்வாய்ஸ் 4389-இல் 3 பெட்டி குறைவு, 1,380-க்குக் கிரெடிட் நோட் தேவை, கையெழுத்திட்ட டெலிவரி நோட் இணைப்பு 2. இவை போக 62,890. எங்கள் லெட்ஜர் 56,080. இன்வாய்ஸ் 4417-க்காக 6,900 கூட்டி, 4352-இல் எங்கள் பிழை 90 கழித்தால் அதே 62,890. இந்தத் தொகையை வெள்ளிக்கிழமைக்குள் உறுதிசெய்யவும்."

இரண்டு பக்கத்திலிருந்தும் கணக்கு நடந்து வந்து ஒரே எண்ணில் நிற்கிறது. நம் பிழையை நாமே சொல்லியிருப்பதால் கிளார்க்கும் மற்ற இரண்டையும் சண்டையாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஆனால் பட்டியலில் பல வருடப் பழைய பாக்கி ஏதாவது இருந்தால் மெயிலில் "ஒப்புக்கொள்கிறோம்" என்று எழுதும் முன் யோசியுங்கள். சாதாரண வியாபாரக் கடன் இங்கே 3 வருடத்தில் காலாவதியாகும். காலாவதியாகும் முன் நீங்கள் ஒப்புக்கொண்டால் அந்த 3 வருடம் புதிதாக ஓடத் தொடங்கும்.

பதில் மெயிலில் "எங்கள் பேங்க் விவரம் மாறிவிட்டது, இந்தப் பாக்கியைப் புதிய கணக்கில் போடுங்கள்" என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பாக்கி பற்றிய பேச்சு நடக்கும் மெயில் தொடருக்குள் நுழைவது மோசடிக்காரர்களுக்குப் பிடித்த வேலை. 55 லட்சம் ரேண்டைப் போலிக் கணக்கிற்கு அனுப்பிவிட்ட ஒரு வீடு வாங்கியவரின் வழக்கில், அந்த விற்பனையைக் கவனித்த வழக்கறிஞர் நிறுவனம் பொறுப்பில்லை என்று 2024-ல் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய இன்வாய்ஸில் உள்ள நம்பருக்குப் போன் செய்து கேளுங்கள், மெயிலில் வந்த நம்பருக்கு வேண்டாம்.

கிரெடிட் நோட் பெரும்பாலும் ஜூன் தேதியில்தான் வரும், மே ஸ்டேட்மென்ட் மாறாது. அதனால் ஜூன் தாளைத் திறந்ததும் முதல் வரியில் 62,890 என்றும், அடுத்த வரியில் "4389, கிரெடிட் நோட் 1,380, வரவில்லை" என்றும் எழுதி வையுங்கள். ஜூன் ஸ்டேட்மென்ட் வந்ததும் முதலில் தேட வேண்டியது அந்த 1,380-ஐ.