சாவியின் மேல் ஒரு செம்புத் தோல்

நேயர்களுக்கு வணக்கம். மேல்நிலை வகுப்பு வேதியியல் விடைத்தாள்களைப் பல ஆண்டுகள் திருத்தியவன் நான். செம்பை மின்சாரத்தால் தூய்மையாக்குவது பற்றிய கேள்வி வந்தால், எதைத் தப்பாக எழுதியிருப்பார்கள் என்று தாளைப் புரட்டும் முன்பே தெரிந்துவிடும். படம் அழகாக இருக்கும், தொட்டிக்கு நீல வண்ணம்கூடத் தீட்டியிருப்பார்கள். ஆனால் தூய செம்பு பேட்டரியின் நேர்முனையில் தொங்கிக்கொண்டிருக்கும். அப்படி இணைத்தால் தூய செம்பு கரைந்து, அழுக்குச் செம்பின் மேல் போய் ஒட்டும். காசு கொடுத்து வாங்கிய நல்ல அரிசியைக் கல் கிடக்கும் அரிசியில் கொட்டிக் கலப்பது போன்ற வேலை அது.

இந்தத் தவறு எப்படி வருகிறது? முலாம் பூசுதலை ஒரு பக்கத்திலும் தூய்மையாக்கலை வேறொரு பக்கத்திலும் தனித்தனியாக மனப்பாடம் செய்வதால் வருகிறது. உண்மையில் இரண்டும் ஒரே வேலை. நேர்முனையோடு இணைத்த செம்பில் ஒவ்வோர் அணுவும் இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகக் கரைசலுக்குள் இறங்குகிறது. எதிர்முனையோடு இணைத்த பொருளின் மேல் ஓர் அயனி இரண்டு எலக்ட்ரான்களைப் பெற்றுக்கொண்டு மீண்டும் செம்பாகப் படிகிறது. எதிர்முனையில் சாவி தொங்கினால் அது முலாம். மெல்லிய தகடு தொங்கி, நேர்முனையில் அழுக்குச் செம்பு தொங்கினால் அது தூய்மையாக்கல்.

முதலில் சாவியை எடுத்துக்கொள்வோம். பித்தளைச் சாவியாக இருக்கட்டும். இரும்பு வேண்டாம் என்பதற்குக் காரணம் பிறகு சொல்கிறேன். சாவியைப் புளி போட்டுத் துலக்கி, சோப்பால் கழுவி, நீரில் நன்றாக அலச வேண்டும். சுத்தமாகிவிட்டதா என்பதைத் தண்ணீரே சொல்லிவிடும். நீர் கண்ணாடிபோல ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டு நின்றால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. அந்த இடத்தில் படியும் செம்பு நகத்தால் சுரண்டினாலே பெயர்ந்து வரும். கழுவிய பிறகு விரலால் தொடாமல் நூலிலோ கம்பியிலோ பிடிப்பது நல்லது, நம் விரலிலும் எண்ணெய் இருக்கிறதல்லவா?

ஒரு கண்ணாடி முகவையில் கால் லிட்டர் காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, 50 கிராம் மயில்துத்தத்தைக் கரையுங்கள். பாடநூலில் காப்பர் சல்பேட் என்று படிப்பதுதான் அது. பள்ளி ஆய்வகம் என்றால், ஆசிரியர் சிறிதளவு நீர்த்த கந்தக அமிலமும் சேர்ப்பார். கரைசலில் மின்சாரம் எளிதாக ஓட அது உதவும். ஒரு பக்கம் செம்புத் தகட்டைத் தொங்கவிட்டு, டார்ச் விளக்கின் 1.5 வோல்ட் மின்கலத்து நேர்முனையோடு இணையுங்கள். சாவியை எதிர்முனையோடு இணையுங்கள். நடுவில் ஓர் அம்மீட்டரும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு மின்தடை மாற்றியும் இருக்கட்டும். இணைப்புகளை முடித்துவிட்டுச் சாவியைக் கடைசியாகக் கரைசலில் இறக்குவது நல்ல பழக்கம். இறங்கும்போதே மின்சாரம் ஓடுவதால் முதல் படலம் ஒழுங்காக அமையும்.

சாவியின் இரண்டு பக்கமும் சேர்த்து 20 சதுர சென்டிமீட்டர் பரப்பு என்று வையுங்கள். 0.1 ஆம்பியர் மின்னோட்டம், அரை மணி நேரம். 0.1 ஆம்பியரை 1800 விநாடியால் பெருக்கினால் 180 கூலும். ஒரு மோல் செம்பு, அதாவது 63.5 கிராம் படிய இரண்டு மோல் எலக்ட்ரான் வேண்டும், அது 1,93,000 கூலும். நமக்குக் கிடைப்பது சுமார் 0.059 கிராம், 59 மில்லிகிராம். இதை 20 சதுர சென்டிமீட்டரில் பரப்பினால் தடிமன் ஏறக்குறைய 3 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை முந்நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லியதுதான், ஆனாலும் பித்தளையின் மஞ்சள் முழுவதும் மறைந்து, மங்கிய இளஞ்சிவப்பு வந்துவிடும். துணியால் தேய்த்தால் மினுமினுப்பும் வரும். சாவியை முன்னும் பின்னும் எடை போட்டால் கணக்கும் தராசும் ஏறக்குறைய ஒத்துப்போவதைப் பார்க்கலாம்.

பொறுமை இல்லாமல் மின்னோட்டத்தைப் பத்து மடங்கு கூட்டினால் என்ன ஆகும்? சாவியின் அருகில் இருக்கும் செம்பு அயனிகள் தீர்ந்துபோகும், தொலைவில் இருப்பவை வந்து சேர நேரம் போதாது. கருஞ்சிவப்புப் பொடியாகச் செம்பு ஒட்டும், முதலில் ஓரங்களிலும் பல்முனைகளிலும்தான். விரலில் பொடி ஒட்டினால் மின்னோட்டம் அதிகம் என்று அர்த்தம். தகட்டைப் பார்க்காத பக்கம் மெலிந்து படிந்திருந்தால், இடையில் சாவியைத் திருப்பி வைத்தால் போதும்.

இப்போது இரும்புக்கு வருகிறேன். இரும்பு ஆணியை இந்தக் கரைசலில் வெறுமனே நனைத்தாலே, மின்சாரம் இல்லாமலே சிவந்துவிடும். இரும்பு கரைந்து தன் எலக்ட்ரான்களைச் செம்புக்குக் கொடுத்துவிடுகிறது. ஆனால் தன் காலடி மண் கரைந்துகொண்டிருக்கும்போது கட்டிய சுவர் எப்படி நிற்கும்? துடைத்தால் வந்துவிடும்.

விடைத்தாளில் மதிப்பெண் பெற வேண்டிய ஒரு வரி இருக்கிறது, பலரும் விட்டுவிடுவார்கள். அரை மணி நேரம் கழித்தும் கரைசலின் நீலம் குறைவதில்லை. சாவியில் எத்தனை அயனி படிகிறதோ, தகட்டிலிருந்து அத்தனை அயனி இறங்கி ஈடு செய்கிறது. தகட்டுக்குப் பதில் பென்சில் கரியைத் தொங்கவிட்டு, இரண்டு மூன்று மின்கலங்களை இணைத்தால் ஈடு செய்ய ஆளில்லை. கரியில் ஆக்சிஜன் குமிழியிடும், நீலம் மெல்ல வெளிறும்.

இதே அமைப்பைப் பெரிதாக்கினால் சுத்திகரிப்பு ஆலை. வெள்ளி முலாம் தொழிலில் பெயர் பெற்ற எல்கிங்டன் குடும்பத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் எல்கிங்டன்தான் 1865இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1869இல் வேல்ஸின் பெம்ப்ரே ஊரில் ஆலையும் தொடங்கியது. முலாம்காரர் வீட்டிலிருந்து இது வந்ததில் எனக்கு வியப்பே இல்லை.

ஆலையில் நேர்முனையில் தொங்குவது 99 சதவீதத்துக்கு மேல் செம்பு கொண்ட வார்ப்புத் தகடு. மீதி இருப்பதில் வெள்ளி, தங்கம், நிக்கல், இரும்பு எல்லாம் உண்டு. தொட்டி ஒன்றுக்குக் கொடுக்கும் மின்னழுத்தம் 0.3 வோல்ட் அளவுதான். வெள்ளியும் தங்கமும் எலக்ட்ரானை எளிதில் விடாதவை, அந்த அழுத்தத்துக்கு மசியாமல் தொட்டியடியில் சேறாகப் படிந்துவிடும். நிக்கலும் இரும்பும் செம்போடு சேர்ந்து கரையும். ஆனால் எதிர்முனையில் செம்புக்குத்தான் முதலிடம், ஆகவே அவை கரைசலிலேயே தங்கிவிடும். வெளியேற வழி இல்லாததால் நிக்கல் நாளடைவில் கரைசலில் சேர்ந்துகொண்டே போகும். அதனால் கரைசலில் ஒரு பகுதியை அவ்வப்போது வெளியே எடுத்துச் சுத்தம் செய்கிறார்கள். எதிர்முனையில் கிடைப்பது 99.99 சதவீதம் தூய செம்பு.

இரண்டு பக்கமும் செம்பே என்பதால் வேதிவினைக்கென்று மின்னழுத்தம் செலவாவதில்லை, கரைசலின் தடையைக் கடந்தால் போதும். ஒரு கிலோ செம்பு படிய 0.3 வோல்ட்டில் ஏறக்குறைய கால் யூனிட் மின்சாரம்தான் ஆகிறது. சேற்றில் கிடைக்கும் வெள்ளியும் தங்கமும் அதற்கு மேல் வரவு.

சோதனை முடிந்ததும் கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், செம்பு உப்பு மீனுக்கு நஞ்சு. மூடியிட்ட புட்டியில் பெயர் எழுதி வைத்தால் மறுமுறை பயன்படும். இனி வேண்டாம் என்றால் அதில் இரும்புத் துருவலைப் போட்டு வையுங்கள். செம்பு செம்பொடியாக அடியில் சேரும், நீலம் போய் மேலே வெளிர்பச்சை நீர் நிற்கும். செம்பொடியை வடிகட்டி எடுத்து ஆய்வக உதவியாளரிடம் கொடுத்துவிடலாம்.