என்னமோ இவர்தான் முதலாளி மாதிரி: ‘ஆஸ் இஃப்’ வாக்கியத்தில் காலம்

அவையோருக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் ஓரளவு தேறியவர்களையும் தயங்க வைக்கும் ஒரே ஓர் இடத்தைப் பற்றி இன்று பேசப் போகிறேன். ‘ஆஸ் இஃப்’, ‘ஆஸ் தோ’ என்று இரண்டு தொடர்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான், இலக்கணமும் ஒன்றுதான். அதனால் ‘ஆஸ் இஃப்’ என்பதை மட்டும் வைத்துப் பேசுகிறேன். நான் சொல்வதெல்லாம் மற்றதற்கும் பொருந்தும்.

நம் கேள்வி இதுதான். இந்தத் தொடருக்குப் பின்னால் வரும் வினைச்சொல் எந்தக் காலத்தில் இருக்க வேண்டும்? ‘கடந்தகாலம் போடு’ என்று பாடப்புத்தகம் சொல்கிறது. பேச்சிலும் செய்தியிலும் நிகழ்காலமும் காதில் விழுகிறது. இரண்டுமே சரிதான். ஆனால் ஒன்று சொல்வதை மற்றது சொல்லாது.

ஒரு காட்சியை வைத்துப் பார்ப்போம். ஓர் அலுவலகம். ஒருவர் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருக்கிறார். இந்த மேசையை அங்கே போடு, அந்தக் கோப்பை இங்கே கொண்டுவா என்று கட்டளை பறக்கிறது. இதை இரண்டு பேர் பார்க்கிறார்கள். ஒருவர் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்தவர். அதட்டுகிற ஆள் யாரென்று அவருக்குத் தெரியாது. இன்னொருவர் பல வருடமாக அங்கே இருப்பவர். அந்த மனிதர் சாதாரண குமாஸ்தா என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

புதியவர் சொல்கிறார்: “ஹி ஆக்ட்ஸ் ஆஸ் இஃப் ஹி ஓன்ஸ் தி கம்பெனி.”

பழையவர் சொல்கிறார்: “ஹி ஆக்ட்ஸ் ஆஸ் இஃப் ஹி ஓன்ட் தி கம்பெனி.”

பார்த்த காட்சி ஒன்று, பார்த்த நேரமும் ஒன்று. ஒருவர் ‘ஓன்ஸ்’ என்கிறார், மற்றவர் ‘ஓன்ட்’ என்கிறார். ‘ஓன்ஸ்’ என்றவர், ‘இவர் முதலாளியாக இருக்கலாம், நடந்துகொள்வதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது’ என்று கதவைத் திறந்து வைக்கிறார். ‘ஓன்ட்’ என்றவர், ‘இவர் முதலாளி இல்லை, அது எனக்குத் தெரியும்’ என்று கதவைச் சாத்திவிடுகிறார். ஆக, இந்த ‘ஓன்ட்’ நேற்றைய செய்தியைச் சொல்ல வரவில்லை. வடிவம் கடந்தகாலம், சொல்வது இப்போதைய நிலை. காலத்தால் விலகியதைக் காட்டும் அதே வடிவத்தை, உண்மையிலிருந்து விலகியதைக் காட்டவும் ஆங்கிலம் எடுத்துக்கொள்கிறது. ‘இஃப் ஐ ஹேட் விங்ஸ்’ என்று சிறகில்லாதவர் சொல்லும்போது வருகிற ‘ஹேட்’ இதே வேலையைத்தான் செய்கிறது.

தமிழர்களுக்கு இது ஏன் வழுக்குகிறது? ‘முதலாளி போல நடந்துகொள்கிறார்’ என்றால், அவர் முதலாளியா இல்லையா என்பதை நம்முடைய ‘போல’ சொல்வதில்லை. ஆனால் அந்த வேறுபாடு நம்மிடம் இல்லாமல் இல்லை. வேறொரு இடத்தில் இருக்கிறது. குமாஸ்தா என்று தெரிந்தவர் தமிழில் எப்படிச் சொல்வார்? “என்னமோ இவர்தான் முதலாளி மாதிரி அதட்டுறாரு!” அந்த ‘என்னமோ’வும் ‘தான்’ என்பதும் சேர்ந்து, ‘இல்லை’ என்பதைச் சொல்லாமல் சொல்லிவிடுகின்றன. யாரென்று தெரியாதவர் எப்படிச் சொல்வார்? “இவர்தான் முதலாளி போலிருக்கு.” ‘போலிருக்கு’ என்று முடிந்தாலே அது ஊகம்.

இதை ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. வாக்கியத்தைத் தமிழில் மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். ‘என்னமோ… தான்… மாதிரி’ என்று வந்தால் கடந்தகால வடிவம் போடுங்கள். ‘போலிருக்கிறது’ என்று முடிந்தால் நிகழ்காலம். ‘என்னமோ’வை மட்டும் தனியாக நம்பிவிடக் கூடாது. ‘என்னமோ மழை வரும் போல இருக்கு’ என்றும் சொல்கிறோம். அங்கே ‘என்னமோ’ வெறும் உறுதியின்மை. ‘இல்லவே இல்லை’ என்ற மறுப்பு அதில் கிடையாது.

மழையைச் சொன்னேன் அல்லவா, நிகழ்காலத்துக்கு உரிய இடம் அதுதான். வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. “இட் லுக்ஸ் ஆஸ் இஃப் இட் இஸ் கோயிங் டு ரெயின்.” இங்கே உண்மைக்கு மாறாக எதுவும் இல்லை. கண்ணெதிரே சான்று இருக்கிறது, அதிலிருந்து ஒரு முடிவுக்கு வருகிறோம். ‘லுக்’, ‘சீம்’, ‘சவுண்ட்’, ‘ஃபீல்’ போன்ற வினைகளுக்குப் பிறகு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். கண்டதையும் கேட்டதையும் வைத்து ஊகிக்கும் வினைகள் இவை. பூட்டிய வீட்டைப் பார்த்து, “இட் லுக்ஸ் ஆஸ் இஃப் தே ஹேவ் கான் அவுட்” என்கிறோம். வெளியே போயிருக்கிறார்கள் போலிருக்கிறது என்பது பொருள். ‘ஆஸ் இஃப் வந்தால் கடந்தகாலம்’ என்று மனப்பாடம் செய்த மாணவர் இந்த ‘ஹேவ்’வை ‘ஹேட்’ என்று திருத்துவார். திருத்தியதும் வாக்கியம் கெட்டுப்போகிறது. போகவில்லை என்று தெரிந்துகொண்டே போனதாகக் கற்பனை செய்வது போன்ற தொனி வந்துவிடும்.

இதிலேயே இன்னொரு பொறி இருக்கிறது. காலையில் எழுந்து ஈரத் தரையைப் பார்க்கிறீர்கள். “இட் லுக்ஸ் ஆஸ் இஃப் இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்.” இதில் ‘ரெயின்ட்’ என்ற கடந்தகாலம் இருக்கிறது. ஆனால் இது கற்பனை இல்லை. நேற்றிரவு உண்மையிலேயே மழை பெய்திருக்கும் என்கிறோம். ‘லாஸ்ட் நைட்’ என்ற காலச்சொல் அதைக் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே கடந்தகால வடிவத்தைக் கண்டதும் ‘உண்மைக்கு மாறு’ என்று முடிவு கட்டக் கூடாது. சொல்லப்படும் செயல் இப்போதைக்கு உரியதா, முன்பே நடந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். இப்போதைக்கு உரியதாக இருந்தும் வடிவம் மட்டும் பின்னால் போயிருந்தால்தான் அது கற்பனை.

சரி, முன்பே நடக்காத ஒன்றை நடந்ததாகப் பாவித்துச் சொல்ல வேண்டுமானால்? வடிவம் இன்னொரு படி பின்னால் போகும். ஒருவர் ஒரு புத்தகத்தைப் பற்றி, தானே எழுதியது போல அளக்கிறார். எழுதியவர் அவரில்லை என்பது நமக்குத் தெரியும். “ஹி டாக்ஸ் அபவுட் தி புக் ஆஸ் இஃப் ஹி ஹேட் ரிட்டன் இட்.” எழுதுவது பேச்சுக்கு முந்திய செயல், அது நடக்கவுமில்லை. அதனால் ‘ஹேட் ரிட்டன்’.

இப்போது மீண்டும் அந்த அலுவலகத்துக்கு வருவோம். அதிகமான பேர் தடுமாறுகிற இடம் இனிதான் வருகிறது. பழைய ஊழியர் மாலையில் வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொல்கிறார். ‘ஆக்ட்ஸ்’ என்பது ‘ஆக்டட்’ ஆகிவிடுகிறது. அப்படியென்றால் ‘ஓன்ட்’ என்ன ஆகும்? ‘ஹேட் ஓன்ட்’ என்று மாற்ற நம் கை துடிக்கும். டைரக்ட் ஸ்பீச்சை இன்டைரக்ட் ஸ்பீச்சாக மாற்றப் பள்ளியில் பழகிய பழக்கம் அது. அங்கே ஒரு வினை பின்னால் போனால் அடுத்ததும் பின்னால் போகும். இங்கே அந்த விதி செல்லாது. “ஹி ஆக்டட் ஆஸ் இஃப் ஹி ஓன்ட் தி கம்பெனி” என்பதே சரி. அதட்டிய நேரமும் முதலாளியாகப் பாவித்த நேரமும் ஒன்றுதான். ஒரே நேரமாக இருக்கும்வரை ‘ஓன்ட்’ அசையாது. ‘ஹேட் ஓன்ட்’ என்று சொன்னால் பொருளே மாறிவிடும். ஒரு காலத்தில் அந்தக் கம்பெனி அவர் கையில் இருந்து, பிறகு போய்விட்டது போல நடந்துகொண்டார் என்றாகும். முன்னாள் முதலாளியின் தோரணை வேறு, இந்நாள் முதலாளியின் தோரணை வேறு அல்லவா?

இதோடு ஓர் இழப்பும் நேர்கிறது. புதிய ஊழியரும் வீட்டுக்குப் போய்ச் சொல்கிறார். அவருடைய ‘ஓன்ஸ்’ என்ன ஆகும்? கதை கடந்தகாலத்துக்குப் போனதால் அதுவும் ‘ஓன்ட்’ ஆகிவிடும். “ஹி ஆக்டட் ஆஸ் இஃப் ஹி ஓன்ட் தி கம்பெனி.” காலையில் இரண்டு விதமாகச் சொன்னவர்கள் மாலையில் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள். யார் நம்பினார், யார் நம்பவில்லை என்பது வாக்கியத்திலிருந்து மறைந்துவிட்டது. கடந்தகாலத்தில் சொல்லப்படும் கதையைப் படிக்கும்போது, சூழலை வைத்தே அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ‘ஆஸ் இஃப்’ பற்றிய பாடங்களில் இந்த ஓர் இடத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். மாணவர் குழம்பினால் அது அவர் குறையில்லை. வாக்கியத்திலேயே அந்தத் தகவல் இல்லை.

ஒரே ஒரு வினைச்சொல்லில் மட்டும் அந்தத் தகவலைக் காப்பாற்ற முடியும். ‘இஸ்’, ‘ஆர்’ என்று வருகிற வினை அது. மற்ற வினைகளுக்குக் கற்பனைக்கென்று தனி வடிவம் இன்று இல்லை, இதற்கு மட்டும் இருக்கிறது. ஒருமையோடும் வருகிற ‘வேர்’ அது. “ஹி ஆக்டட் ஆஸ் இஃப் ஹி வேர் தி ஓனர்” என்றால், அவர் ஓனர் இல்லை என்பதைச் சொல்பவர் தெளிவாக்கிவிட்டார். “ஹி ஆக்டட் ஆஸ் இஃப் ஹி வாஸ் தி ஓனர்” என்றால் இரண்டுக்கும் இடமுண்டு. நிகழ்காலக் கதையிலும் இப்படித்தான். “ஷி டாக்ஸ் டு மி ஆஸ் இஃப் ஐ வேர் எ சைல்ட்.” என்னமோ நான்தான் குழந்தை மாதிரிப் பேசுகிறாள். பேச்சில் ‘ஐ வாஸ்’ என்றும் சொல்வார்கள், அதைப் பிழை என்று பெரும்பாலோர் ஒதுக்குவதில்லை. தேர்விலும் முறையான எழுத்திலும் ‘வேர்’ போடுவது நல்லது. ஆனால் நல்லது என்பதற்காக எல்லா இடத்திலும் போட்டுவிடாதீர்கள். கருமேகத்தைப் பற்றிய கதை கடந்தகாலத்துக்குப் போனால், “இட் லுக்ட் ஆஸ் இஃப் இட் வாஸ் கோயிங் டு ரெயின்” என்று ‘வாஸ்’ வருவதே பொருத்தம். அது ஊகம்தானே, மறுப்பில்லையே.

கூட்டம் முடிந்ததும் ஓர் இளைஞர் எழுந்து கேட்டார்: “ஐயா, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே ‘ஷி டாக்ஸ் டு மி ஆஸ் இஃப் ஐம் எ சைல்ட்’ என்று சொல்கிறார்களே? அவர் குழந்தை இல்லையே, நிகழ்காலம் எப்படி வரும்?”

அவர் கேட்டது நியாயம். சாதாரணப் பேச்சில் அப்படிச் சொல்கிறார்கள். ‘ஆஸ் இஃப்’ இருக்கும் இடத்தில் ‘லைக்’ போட்டுப் பேசும்போது இன்னும் அதிகமாகச் சொல்கிறார்கள். பேசுகிறவர் பெரியவர் என்பது எதிரில் இருப்பவருக்குக் கண்ணாலேயே தெரிகிறது. உண்மைக்கு மாறு என்பதை வினைச்சொல் வேறு அறிவிக்க வேண்டிய தேவை அங்கே இல்லை. ஆனால் அலுவலகத்து மனிதரின் விஷயத்தில் கேட்பவருக்கு எதுவும் தெரியாது. முதலாளியா, குமாஸ்தாவா என்பதை வாக்கியம்தான் சொல்லியாக வேண்டும். அங்கே ‘ஓன்ஸ்’ என்று விட்டுவிட்டால், கேட்பவர் அவரை முதலாளி என்றே நினைத்துக்கொண்டு போய்விடலாம். அதனால் அந்த இளைஞரிடம் இப்படிச் சொன்னேன்: கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைப் பேசும்போது இரண்டில் எது வந்தாலும் கேடில்லை. அவருக்குத் தெரியாததைச் சொல்லும்போது வடிவத்தைப் பார்த்துப் போடுங்கள்.