ரிப்ளை ஆலில் போன கடுமை

நேயர்களுக்கு வணக்கம். அலுவலக மெயில் எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் ஒருநாள் வரக்கூடிய சங்கடம் ஒன்றைப் பற்றி இன்று பேசுகிறேன். யாரையும் திட்ட வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் ஒரு வரி எழுதுகிறோம். அது ரிப்ளை ஆலில் பதினெட்டுப் பேருக்குப் போய்விடுகிறது. படித்தவர்களுக்கு அது திட்டாகத் தெரிகிறது. அதன்பிறகு என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது என்று ஒரு எடுத்துக்காட்டோடு பார்க்கலாம்.

ஒரு பாலிடெக்னிக் கல்லூரி. தேர்வு நெருங்குகிறது. விரிவுரையாளர் ஒருவர் அறை ஒதுக்கீட்டுப் பட்டியலைத் தயாரித்து, முதல்வர், துறைத் தலைவர்கள், தேர்வுப் பிரிவு என்று எல்லாருக்கும் அனுப்புகிறார். எட்டாம் அறையில் 40 மாணவர்கள் என்று அதில் இருக்கிறது. பெஞ்சுகள் பழுதாகி, இப்போது அங்கே 30 பேர்தான் உட்கார முடியும். தேர்வு ஒருங்கிணைப்பாளர் அதைப் பார்த்ததும், வராந்தாவில் நின்றபடி ஃபோனிலேயே பதில் போடுகிறார்: "இந்த விவரம் போன வாரமே அனுப்பப்பட்டது. பார்த்துவிட்டு அனுப்பவும்."

புதிய பட்டியல் ஒன்று இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. படிக்கிறவர்களுக்குக் கிடைப்பதோ வேறு. வணக்கம் இல்லை, பெயர் இல்லை. "போன வாரமே" என்பதில் ஒரு இடிப்பு. "பார்த்துவிட்டு" என்றால் பார்க்கவில்லை என்று பொருள். இதையெல்லாம் முதல்வரும் படிக்கிறார்.

எழுதியவருக்கு இது ஏன் உறைப்பதில்லை? ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் மற்ற இருவரும் சேர்ந்து 2005-இல் வெளியிட்ட உளவியல் ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. கேலியாகச் சில வாக்கியங்கள், நிஜமாகவே சில வாக்கியங்கள். மெயிலில் அனுப்பினால் எதிராளி எத்தனையைச் சரியாகப் புரிந்துகொள்வார் என்று அனுப்பியவர்களைக் கேட்டபோது, சராசரியாக 78 சதவீதம் என்றார்கள். உண்மையில் கிடைத்தது 56 சதவீதம், ஏறக்குறைய காசைச் சுண்டிப் பார்ப்பது மாதிரி. அதே வாக்கியங்களைக் குரலில் சொன்னபோது எதிர்பார்ப்புக்கும் விளைவுக்கும் பெரிய இடைவெளி இல்லை. எழுதும்போது நம் குரல் நம் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மெயிலில் அது போய்ச் சேருவதில்லை. அதனால் சரிசெய்கிற வேலையை இன்னொரு மெயிலில் தொடங்கக் கூடாது.

முதலில் எல்லாருக்கும் தோன்றுவது, அந்த மெயிலைத் திரும்பப் பெற முடியுமா என்பது. ஜிமெயிலில் Undo Send என்ற வசதி இருக்கிறது. இயல்பாக 5 விநாடி. செட்டிங்ஸில் போய் 30 விநாடி வரை கூட்டிக்கொள்ளலாம், அதற்கு மேல் கிடையாது. அவுட்லுக்கில் ரீகால் என்ற வசதி உண்டு. அனுப்பியவரும் பெறுபவரும் ஒரே நிறுவனத்தின் மைக்ரோசாஃப்ட் மெயில் அமைப்பில் இருந்தால்தான் அது வேலை செய்யும். பட்டியலில் ஒரே ஒருவர் ஜிமெயில் முகவரி வைத்திருந்தாலும் அவரிடம் மெயில் அப்படியே இருக்கும். பழைய வகை ரீகாலில், படித்துவிட்ட மெயில் திரும்ப வராது. திரும்பப் பெற முயன்ற செய்தி மட்டும் அவரிடம் போய் நிற்கும். பத்து நிமிடம் கடந்திருந்தால் இதில் நேரம் போக்காதீர்கள். நாலு பேர் படித்த மெயில் திடீரென்று காணாமல் போனால், படிக்காதவரும் "அதில் என்ன இருந்தது?" என்று விசாரிப்பார்.

அடுத்ததாக, மன்னிப்புக்கு முன்னால் ஒரு சரிபார்ப்பு. சென்ட் ஃபோல்டரைத் திறந்து, போன வாரம் அனுப்பிய மெயில் யார் யாருக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். நம் எடுத்துக்காட்டில், இந்த விரிவுரையாளர் பொறுப்பேற்றதே இந்த வாரம்தான். போன வார மெயிலில் அவர் முகவரியே இல்லை. ஆக, தொனி மட்டும் தவறவில்லை, சொன்ன விஷயமும் தவறு. அவர் கையில் இல்லாத பட்டியலைப் பார்க்கவில்லை என்று சொல்லியாயிற்று. இது தெரியாமல் "என் தொனிக்கு வருந்துகிறேன்" என்று மட்டும் எழுதினால், அவர் கவனக்குறைவாக இருந்தார் என்ற எண்ணம் அப்படியே தங்கிவிடும்.

இனி ஃபோன். நேரில் போக முடிந்தால் இன்னும் நல்லது. பேச்சு இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இப்படித் தொடங்கலாம்: "மேடம், காலையில நான் எல்லாருக்கும் போட்ட பதில்ல, நீங்க பட்டியலைப் பார்க்கலைங்கிற மாதிரி வந்துடுச்சு. உங்களுக்கு அந்த மெயிலே வரலை, நான்தான் உங்களைச் சேர்க்கலை. எல்லாருக்கும் ஒரு திருத்தம் போட்டுடறேன். உங்க பேரைச் சொல்லி எழுதலாமா?"

அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பொது மெயிலில் தன் பெயர் மறுபடி அடிபடுவதைச் சிலர் விரும்புவதில்லை. வேண்டாம் என்றால் பெயர் இல்லாமல் எழுதலாம். இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. பதவியில் இளையவர் பெரும்பாலும் "பரவாயில்லை சார், விடுங்க" என்றுதான் சொல்வார். அதைக் கேட்டு நிம்மதியாகி விட்டுவிடக் கூடாது. தன் வருத்தத்தை விடுவது அவர் உரிமை. மீதிப் பேர் மனதில் பதிந்துவிட்ட தவறான தகவலைத் திருத்துவது எழுதியவர் பொறுப்பு, அதை அவர் விட்டுக்கொடுக்க முடியாது.

ஃபோன் வைத்தபின், அன்றைக்கே, அதே ஆட்களுக்கு ஒரு மெயில். எந்த மெயிலின்மேல் ரிப்ளை ஆல் அழுத்துகிறீர்கள் என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உங்கள் கடுமையான பதிலின்மேல் அழுத்தினால், அவுட்லுக் போன்றவற்றில் புதிய மெயிலுக்கு நேர் கீழேயே அந்த இரண்டு வரியும் மறுபடி எல்லார் கண்ணிலும் படும். விரிவுரையாளர் அனுப்பிய முதல் மெயிலின்மேல் அழுத்துங்கள். கீழே அவருடைய பட்டியல்தான் தெரியும். இடையில் யாரையாவது புதிதாகச் சேர்த்திருந்தால், அவர்களைக் கையால் சேர்க்க வேண்டும். சப்ஜெக்ட் வரியை மாற்றாதீர்கள். ஜிமெயிலில் அதை மாற்றினால் தனி உரையாடலாகப் பிரிந்துபோய், பழையதைப் படித்தவர் திருத்தத்தைப் பார்க்காமலே இருக்கலாம்.

மெயில் இப்படி இருக்கலாம். விரிவுரையாளர் என்று நான் சொல்லும் இடத்தில் அவர் பெயர் வரும்.

"அனைவருக்கும் வணக்கம். காலையில் நான் அனுப்பிய பதில், விரிவுரையாளர் பட்டியலைப் பார்க்காமல் ஒதுக்கீடு செய்ததுபோல் இருந்தது. அது சரியல்ல. போன வாரம் நான் அனுப்பிய திருத்திய பட்டியலில் அவர் முகவரியைச் சேர்க்கத் தவறியது நான். அவரிடம் வருத்தம் தெரிவித்துவிட்டேன். பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன். எட்டாம் அறையில் 30 பேர் மட்டுமே அமர முடியும். மற்ற அறைகளுக்கு அவர் தந்த எண்களே சரி. மீதி 10 பேருக்கான இடத்தை நாங்கள் இருவரும் பேசி நாளை காலை 11 மணிக்குள் அனுப்புகிறோம். இதற்கு யாரும் பதில் போட வேண்டியதில்லை."

இதில் எதை விட்டிருக்கிறோம் என்றும் பாருங்கள். "யார் மனதாவது புண்பட்டிருந்தால்" என்ற வாக்கியம் இல்லை. எழுதியவர் பணிவாக நினைத்துத்தான் அதை எழுதுவார். கேட்பவருக்கோ, புண்படுவது உங்கள் பலவீனம் என்று கேட்கும். வராந்தாவில் நின்றது, ஃபோனில் தட்டியது, வேலைச்சுமை எதுவும் இல்லை. அவை உண்மையாகவே இருக்கலாம், ஆனால் படிப்பவர் அவற்றை வக்காலத்தாகத்தான் எடுத்துக்கொள்வார். எல்லாரிடமும் நீளமான மன்னிப்பும் இல்லை. மூன்று பத்தி மன்னிப்பு வந்தால், காலை மெயிலைச் சாதாரணமாகக் கடந்துபோனவர்களும் திரும்பிப் போய் அதைப் படிப்பார்கள், விரிவுரையாளர் பாவப்பட்டவராகிவிடுவார்.

எட்டாம் அறைத் திருத்தம் மெயிலில் அப்படியே நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். சங்கடத்தில் பலர் இதில் வழுக்கிவிடுகிறார்கள். "நீங்கள் செய்ததே சரி, அப்படியே இருக்கட்டும்" என்று எழுதிவிடுகிறார்கள். தேர்வு நாளன்று பத்து மாணவர்கள் இடமில்லாமல் நிற்பார்கள். கடைசி வரிக்கும் காரணம் உண்டு. அது இல்லையென்றால் "பரவாயில்லை சார்" என்று வரிசையாக ரிப்ளை ஆல் வந்து, மாலைவரை எல்லாருடைய இன்பாக்ஸிலும் இந்த விவகாரமே மேலே நிற்கும்.

எல்லாச் சமயத்திலும் பொதுத் திருத்தம் தேவையா? தேவையில்லை. ஒரு குறிப்பிட்ட ஆளைச் சுட்டாமல் பொதுவாக வெடுக்கென்று இருந்த மெயில் என்றால், அடுத்த மெயிலை முறையாக எழுதினாலே போதும். கல்லூரி முழுக்க முந்நூறு பேருக்குப் போகிற பட்டியல் என்றால், விவகாரம் தெரிந்தவர்களை மட்டும் எடுத்து எழுதலாம். ஒரு வாரம் கழித்துத்தான் தெரிய வருகிறது என்றால் பழைய மெயிலைத் தோண்டி எடுக்க வேண்டாம். சம்பந்தப்பட்டவரிடம் நேரில் பேசிவிட்டு, அடுத்த பொது மெயிலில் "திருத்திய பட்டியல் அவருக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது" என்று ஒரு வரியில் பதிவுசெய்தால் போதும்.

சரியாகிவிட்டதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அவர் சொல்வதைவிட, அவர் அனுப்பும் மெயில்களைப் பாருங்கள். முன்போலச் சந்தேகங்களை நேரடியாகக் கேட்கிறார், முடியாத வரைவையும் அனுப்பிக் காட்டுகிறார் என்றால் சரியாகிவிட்டது. சின்ன விஷயத்துக்கெல்லாம் முதல்வரை சிசியில் போடத் தொடங்கியிருக்கிறார், முன்பு வாயால் சொன்னதை இப்போது தேதி நேரத்தோடு எழுத்தில் கேட்கிறார் என்றால் ஆகவில்லை. அவர் தற்காப்பில் இருக்கிறார். அப்போது மூன்றாவது மெயில் போடாதீர்கள், அந்த சிசியைப் பற்றிக் குறையும் சொல்லாதீர்கள். அடுத்த ஒதுக்கீட்டுப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போய், இருவருமாக உட்கார்ந்து சரிபாருங்கள். முடிந்ததும் எல்லாருக்கும் அனுப்புவதை அவரையே அனுப்பச் சொல்லுங்கள். அதில் ஏதாவது பிழை கண்ணில் பட்டால், பதிலை அவருக்கு மட்டும் போடுங்கள். நன்றி, வணக்கம்.