நியூட்ரலைக் கொஞ்சம் பாருங்கோ

(வெள்ளவத்தையில ஃப்ளாட் மேனேஜ்மென்ட் கமிட்டிக்காரருக்கும் டெக்னிக்கல் படிக்கிற பிள்ளையளுக்கும் பேசினது, பேசின மாதிரியே எழுதியிருக்கு)

எல்லாருக்கும் வணக்கம். சப்ஸ்டேஷன் எண்டவுடனே ஆக்கள் கேக்கிற முதல் கேள்வி, "எங்கட ட்ரான்ஸ்ஃபோமர் எத்தினை கேவிஏ, லோட் தாங்குமோ?" எண்டுதான். கேள்வியில பிழை இல்லை, ஆனா அந்த ஒரு நம்பரை மட்டும் பாத்தா ஏமாந்து போவீங்கள். ஏன் எண்டு ஒரே ஒரு சப்ஸ்டேஷனை வச்சுச் சொல்லுறன். நம்பர்களை உங்களுக்கு விளங்க வசதியா ரவுண்ட் பண்ணியிருக்கிறன், கணக்கு சரியாத்தான் இருக்கும்.

காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்குற ஒரு ஒழுங்கை எண்டு வைப்பம். அதில 11 கேவி கேபிள் வந்து, 400 கேவிஏ ட்ரான்ஸ்ஃபோமர் அதை 400 வோல்ட் ஆக்கி, மூண்டு ஃபேஸும், கரண்ட் திரும்பி வாற ஒரு நியூட்ரல் கம்பியுமா வெளிய விடுது. உங்கட வீட்டுக்கு வாற 230 எண்டது ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில உள்ளது. 400 கேவிஏ எண்டா ஒரு ஃபேஸுக்கு முழு லோட் கரண்ட் 577 ஆம்ப். இந்த எண்ணை மட்டும் மனசில வச்சிருங்கோ.

இப்ப இரவு எட்டு மணிக்கு, ஏசி எல்லாம் ஓடுற நேரம் பாத்து க்ளாம்ப் மீட்டர் போடுறம். சிவப்பு ஃபேஸில 520, மஞ்சளில 610, நீலத்தில 380. மூண்டையும் கூட்டி 230 ஆல பெருக்கினா கிட்டத்தட்ட 347 கேவிஏ வருது. 400 க்கு 347 தானே, 87 சதவீதம், நல்லாத்தான் இருக்கு எண்டு ஆஃபீஸில இருந்து ரிப்போர்ட் எழுதலாம், எழுதுறவையும் இருக்கினம்! ஆனா மஞ்சள் ஃபேஸ் ஏற்கனவே 577 ஐத் தாண்டிட்டுது, நீலம் சும்மா இருக்கு. ஏனெண்டா வருஷக்கணக்கா புதுக் கனெக்ஷன் குடுக்கேக்க கைக்கு எட்டின ஃபேஸில போட்டுக்கொண்டு போனதுதான்.

610 எண்டவுடனே ட்ரான்ஸ்ஃபோமர் வெடிக்கப்போறதில்லை, பயப்பிடாதேங்கோ. ரெண்டு மூண்டு மணித்தியால ஓவர்லோடை எண்ணெய் தாங்கும், எண்ணெய் சூடாகவே நேரம் எடுக்கும். பிரச்சினை மெதுவா வாறது. உள்ள இருக்கிற பேப்பர் இன்சுலேஷன் 98 டிகிரியில வேலை செய்தா சாதாரணமாத் தேயும், அதுக்கு மேல ஒவ்வொரு 6 டிகிரிக்கும் தேய்மானம் இரட்டிக்கும். இது ஐஇசி ஸ்டாண்டர்டில உள்ள கணக்கு, அதுவும் வெளி வெக்கை 20 டிகிரி எண்டு எடுத்துச் செய்தது. கொழும்பில இரவிலயும் 27, 28 டிகிரி, அப்ப நேம்பிளேட்டில இருக்கிற முழு லோடையும் நாள் பூரா இழுத்தா இஞ்ச ஆயுசு அந்தளவுக்குக் கிடைக்காது.

நான் முக்கியமா சொல்ல வந்தது இது இல்லை, நியூட்ரல். மூண்டு ஃபேஸும் சமமா இருந்தா நியூட்ரலில கரண்ட் கிட்டத்தட்ட பூச்சியம். இந்த 520, 610, 380 க்கு கணக்குப் பாத்தா 200 ஆம்ப் வருது. மீட்டரைப் போட்டா 215 காட்டுது. மிச்சம் என்னெண்டா எல்ஈடி லைட், கம்ப்யூட்டர், இன்வேட்டர் ஏசி எல்லாம் உண்டாக்கிற மூண்டாம் ஹார்மோனிக், அது மூண்டு ஃபேஸிலயும் இருந்து வந்து நியூட்ரலில சேந்துபோகும், ஒண்டையொண்டு வெட்டாது.

இப்ப அந்த 215 ஆம்ப் எங்க போகுதெண்டு பாருங்கோ. கேபிள் நுனியில இருக்கிற அலுமினியம் லக், பஸ்பார் எண்ட செம்புப் பட்டையில போல்ட் போட்டு இறுக்கியிருக்கு, நடுவில பைமெட்டல் வாஷர் இல்லை, கடல் காத்து உப்போட நாள் பூரா அடிக்குது. ரெண்டு உலோகத்துக்கும் இடையில அரிப்பு வந்து கொன்டாக்ட் கெட்டு, மைக்ரோ ஓமில இருக்கவேண்டிய ஜொயின்ட் 5 மில்லி ஓம் ஆகிட்டுது எண்டு வைப்பம். 215 ஐ 215 ஆலயே பெருக்கி, அந்த 5 மில்லி ஓமாலயும் பெருக்கினா கிட்டத்தட்ட 230 வாட். ஒரு போல்டுக்குள்ள நாலைஞ்சு சோல்டரிங் அயன் வச்ச மாதிரி. சூடு கூட அரிப்புக் கூடும், அரிப்புக் கூட சூடு கூடும், கடைசியில ஒருநாள் அறுந்துபோகும்.

நியூட்ரல் அறுந்தா வீட்டில கரண்ட் கட்டாகாது, அதுதான் ஆபத்து. ரெண்டு ஃபேஸை மட்டும் எடுத்துப் பாப்பம். ஒரு பக்க வீடுகளில வோட்டர் ஹீற்றர், ஏசி, லோட் கூட, மொத்தம் 10 ஓம். மற்றப் பக்கம் டீவியும் ஃபேனும், 40 ஓம். நியூட்ரல் இல்லாட்டி ரெண்டும் தொடரா வந்து 400 வோல்டைப் பிரிச்சுக்கொள்ளும், ஹீற்றர் போட்டவருக்கு 80, பாவம் டீவி பாத்துக்கொண்டிருந்தவருக்கு 320. எங்கட சட்டப்படி 230 இல இருந்து 6 சதவீதத்துக்கு மேல கூடவோ குறையவோ கூடாது, அப்ப 244 தான் உச்சம். உங்கட ஆர்சிசிபி இதுக்கு ட்ரிப் ஆகாது, அது பாக்கிறது போன கரண்ட் திரும்பி வருதோ எண்டு மட்டும்தான், வோல்டேஜை அது பாக்காது.

இதை முன்கூட்டியே பிடிக்கலாம். ஆனா தேமல் கமராவோட காலமை பத்து மணிக்குப் போனா ஒண்டும் தெரியாது, லோட் இல்லாத நேரம் கெட்ட ஜொயின்டும் குளிராத்தான் இருக்கும். பீக் நேரம், ஆறரைக்கும் பத்தரைக்கும் இடையில போகோணும். பக்கத்து மூண்டு லக்கும் 50 டிகிரி, நியூட்ரல் லக் மட்டும் 90 எண்டா அடுத்த ஷட்டவுன் வரைக்கும் விடக்கூடாது. ஒரு கிழமைக்கு கரண்டைப் பதிஞ்சுகொண்டே இருக்கிற லோகர் வச்சு நாலு கம்பியிலயும் கரண்ட் எடுத்தா எந்த வீட்டை எங்க மாத்துறதெண்டும் தெரியும்.

வேலை நாள். ஞாயிறு காலமை, முன்னறிவிப்பு குடுத்து. 11 கேவி பக்கம் சுவிட்சைத் திறந்து பூட்டுப் போட்டு, சாவி வேலை செய்யிறவரிட்ட இருக்கோணும், பிறகு டெஸ்ட்டர் வச்சு கரண்ட் இல்லையெண்டு பாத்து, ரெண்டு பக்கமும் எர்த் பண்ணி, அதுக்குப் பிறகுதான் பேர்மிட் எழுதிக் கை வைக்கலாம். எல்வி, அதாவது 400 வோல்ட் பக்கமும் எர்த் பண்ணுறது ஏனெண்டு பொடியள் கேப்பாங்கள். ஃப்ளாட்டில ஒருத்தர் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாம ஜெனரேட்டரை ப்ளக்கில குத்தினா, அதே ட்ரான்ஸ்ஃபோமர் திரும்ப வேலை செய்து 11 கேவி பக்கத்தை உயிர்ப்பிக்கும். லைன்மேன் செத்துப்போவான்.

லக்கைப் புதுசா மாத்தி, பைமெட்டல் வாஷர் போட்டு, டோர்க் ரெஞ்சில இறுக்கி, மஞ்சளில இருந்தும் சிவப்பில இருந்தும் கொஞ்சக் கனெக்ஷனை நீலத்துக்கு மாத்தினா 500, 520, 490 எண்டு வரும். மொத்தம் அதே 347 கேவிஏ தான். நியூட்ரல் கணக்குப்படி 26 ஆம்ப், மீட்டரில ஹார்மோனிக்கோட 80. ஹார்மோனிக் கூடேல்லை, அது வேற வேகத்தில ஓடுறதால ரெண்டையும் நேரடியாக் கூட்டிக் கழிக்கேலாது. புது ட்ரான்ஸ்ஃபோமர் வாங்கேல்லை. ஆனா இதே ஒழுங்கையில 40 வீட்டோட இன்னொரு ஃப்ளாட் வந்தா இது காணாது. வீட்டுக்கு 8 கேவிஏ எண்டு எடுத்து, எல்லாரும் ஒரே நேரம் போடமாட்டினம் எண்டு 0.4 ஆல பெருக்கினாலும் 128 வரும், கூட்டினா 475. அந்தக் கட்டிடக்காரர் தங்கட சப்ஸ்டேஷனுக்கு அறை ஒதுக்கத்தான் வேணும், பார்க்கிங் குறையுது எண்டு பிறகு சண்டை பிடிக்கிறது சரிவராது.

கேள்வி நேரத்தில பின்னால இருந்து ஒரு அக்கா கேட்டவ, "அறுந்தா எங்களுக்கு எப்பிடித் தம்பி தெரியும்?" எண்டு. ஒரு அறையில பல்ப் வழமைக்கு மாறா பளிச்செண்டு எரியும், ஃபேன் வேகமா சுத்தும், அடுத்த வீட்டில லைட் மங்கலா இருக்கும். அப்பிடிப் பாத்தீங்களெண்டா ஒவ்வொரு ப்ளக்காக் கழட்டிக்கொண்டு நிக்காதேங்கோ, மெயின் சுவிட்சை உடனே ஓஃப் பண்ணிப்போட்டு மின்சாரக்காரரின்ர 1987 நம்பருக்கு எடுத்து "நியூட்ரல் போயிருக்கும் போல, வோல்டேஜ் கூடுது" எண்டு அதே சொல்லில சொல்லுங்கோ. வெறுமனே "கரண்ட் பிரச்சினை" எண்டா உங்கட ஃபோன் வரிசையில பின்னுக்குப் போயிடும். அவை வந்து சரி எண்டு சொல்லும்வரை மெயினைப் போடாதேங்கோ.