பில்லில் பிடித்த டிடிஎஸ் சரிதானா?

கேள்வி: "நான் கட்டிடக் கலைஞர். 2025 ஜூலையில் ஒரு நிறுவனத்துக்குக் கட்டணம் 80,000 ரூபாய், ஜிஎஸ்டி 14,400, மொத்தம் 94,400 என்று பில் கொடுத்தேன். வங்கியில் 84,960 ரூபாய்தான் வந்திருக்கிறது. இது சரியா?"

சரியில்லை. உங்களுக்கு 86,400 ரூபாய் வந்திருக்க வேண்டும். 1,440 ரூபாய் குறைகிறது.

எங்கே தவறியது என்று பார்ப்போம். 94,400இலிருந்து 84,960ஐக் கழித்தால் 9,440. அதைப் பத்தால் பெருக்கிப் பாருங்கள், பில்லின் மொத்தத் தொகையே வந்து நிற்கிறது. ஆக, ஜிஎஸ்டியையும் சேர்த்து, மொத்தத்துக்கும் பத்து சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழித்துக்கொள்ளும் வருமான வரி, பிடித்திருக்கிறார்கள். ஜிஎஸ்டியைப் பில்லில் தனி வரியாகக் காட்டியிருந்தால் அதன்மேல் டிடிஎஸ் பிடிக்கத் தேவையில்லை என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017இலேயே சுற்றறிக்கை வெளியிட்டுவிட்டது. அந்த 14,400 உங்கள் வருமானமே அல்லவே, அரசுக்குக் கட்ட வேண்டிய பணம். நீங்கள் பிரித்துக் காட்டியிருப்பதால் 80,000க்கு மட்டும் பத்து சதவீதம், அதாவது 8,000 பிடித்தால் போதும்.

வேறு சிலருக்கு இதே தொகைக்கு 1,600 மட்டும் பிடித்திருப்பார்கள். அது இரண்டு சதவீதம், 2025இல் நடப்பிலிருந்த வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவில் தொழில்நுட்பச் சேவைக்கான விகிதம். கட்டிடக் கலை அந்தப் பிரிவில் தொழில்முறைச் சேவையாகவே வந்தது, எனவே உங்களுக்குப் பத்துதான். 16,000 பிடித்திருந்தால் பான் எண் அவர்களிடம் சரியாகப் பதிவாகவில்லை என்று சந்தேகிக்கலாம். பான் இல்லாவிட்டால் இருபது சதவீதம் பிடிப்பார்கள்.

இப்போது என்ன செய்வது? கணக்குப் பிரிவுக்குப் பில்லையும் மேலே சொன்ன கணக்கையும் அனுப்பி, 1,440ஐத் திருப்பிக் கேளுங்கள். ஜூலையில் பிடித்த வரியை ஆகஸ்ட் 7க்குள் அவர்கள் அரசுக்குக் கட்ட வேண்டும். அதற்கு முன்பே கேட்டால் திருத்துவது எளிது. கட்டிய பிறகு கேட்டால் பெரும்பாலும் இழுத்தடிப்பார்கள், அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது.

திருத்தவில்லை என்றாலும் பணம் போய்விடாது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டு அறிக்கையை அவர்கள் அக்டோபர் 31க்குள் தாக்கல் செய்த பிறகு, உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் வரியாக 9,440 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆண்டுக் கணக்கில் முழுவதையும் கழித்துக்கொள்ளலாம். 8,000 மட்டும் இருந்தால் மீதி 1,440 அந்த நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டிய கடன், விடாதீர்கள். அதே படிவத்தில் செலுத்திய தொகை என்று 94,400 காட்டக்கூடும். பயந்துபோய் அதை வருமானமாக எழுதிவிடாதீர்கள். உங்கள் வருமானம் 80,000தான். வித்தியாசம் ஜிஎஸ்டி என்று காட்ட இந்தப் பில்லே ஆதாரம். ஜிஎஸ்டியாக 14,400ஐ முழுதாகவே கணக்கில் காட்ட வேண்டும், அவர்கள் குறைத்துக் கொடுத்தார்கள் என்பதற்காக அது குறையாது.