வரவும் செலவும் எழுதிய கொப்பி

வணக்கம் நேயர்களே. கணவன் மனைவி பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் பட்டம் ஒன்றும் கிடையாது. முப்பது வருஷத்துக்கு மேல் கொழும்பில் தாதியாக இருந்தேன், அதில் பெரும்பகுதி பெரியவர்களின் காய்ச்சல் வாட்டில் போனது. அதனால் அன்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கும் அந்த பிளாஸ்டிக் கதிரையில் யார் உட்கார்ந்திருந்தார், என்ன செய்துகொண்டிருந்தார் என்பதிலிருந்து தெரிந்ததுதான்.

டெங்கு என்று ஒருவர் வந்தால் கூட வந்தவரிடம் நாங்கள் முதலில் இரண்டு கேள்வி கேட்போம். காய்ச்சல் எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கியது? கடைசியாக எப்போது சலம் போனார்? இரண்டாவது கேள்விக்குக் கூச்சப்படுவார்கள், ஆனால் அதுதான் முக்கியம். ஆறு மணித்தியாலமாகப் போகவில்லை என்றால் உடம்புக்குள் தண்ணீர் குறைகிறது, இரத்த ஓட்டம் தளர்கிறது என்று அர்த்தம். மனைவியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு கண் கலங்கி நிற்கும் பையன்களைப் பார்த்திருக்கிறேன், கேட்டால் "தெரியாது மிஸ், நான் வேலைக்குப் போயிட்டேன்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, நாள் சம்பளக்காரனுக்கு லீவு யார் தருவார்? ஆனால் அதே நாள் சம்பளக்காரர்களில் சிலர் பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டு வைத்து, இடைவேளையில் போன் எடுத்து, மணிக்கணக்கோடு வந்து சொல்வார்கள். அந்த வித்தியாசத்தைக் கவனித்துக்கொண்டே இருந்தேன், என் வீட்டில் அது எப்படி இருக்கும் என்று மட்டும் யோசித்ததில்லை.

2017 ஞாபகம் இருக்கும். அந்த ஒரு வருஷத்தில் நாட்டில் 1 லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது, வாட்டில் ஒரு கட்டிலில் இரண்டு பேர், கீழே பாய். அந்த மழைக்காலத்தில் எனக்கும் வந்தது.

இவர் பழைய சோனகத் தெருவில் ஒரு இரும்புக்கடையில் கணக்கு எழுதுகிறவர். பேச்சு குறைவு. கலியாண நாளை நான்தான் ஞாபகப்படுத்த வேண்டும், ஞாபகப்படுத்தினாலும் "ஓ, இன்றைக்கா" என்பதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எனக்கு நடுங்கிக்கொண்டு காய்ச்சல் வந்தபோது கடையிலிருந்து மிஞ்சிய ஒரு நீளக் கொப்பியை எடுத்தார். நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் செலவு. முதல் வரி: "ஞாயிறு 4 மணி, காய்ச்சல் தொடக்கம்." வரவில் நான் குடித்தது. செலவில் சலமும் சத்தியும். எனக்குச் சிரிப்பு வந்தது, இடுப்பு வலியில் சிரிக்க முடியவில்லை.

வாட்டில் நாங்கள் போடும் சாட்டும் கிட்டத்தட்ட இதுதான், அவருக்கு யாரும் அதைச் சொல்லித் தந்ததில்லை. ஐம்பது கிலோவுக்கு மேல் உள்ள பெரியவர் காய்ச்சல் நாட்களில் ஒரு நாளைக்கு 2500 மில்லிலீற்றர் அளவில் குடிக்க வேண்டும் என்பதை மட்டும் நான் சொன்னேன். அவர் எங்கள் சில்வர் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, பழைய பால் போத்தலில் அளந்து பார்த்து, ஒரு தம்ளர் 200 என்று கண்டுபிடித்து, பன்னிரண்டரைத் தம்ளர் என்று எழுதி வைத்தார். வெறும் தண்ணீர் மட்டும் என்றால் உப்புச்சத்து போதாது. அதனால் ஜீவனி கரைத்தது, கஞ்சி, செவ்விளநீர் என்று மாற்றி மாற்றி. முழுத் தம்ளரைக் கண்டால் எனக்குச் சத்தி வரும் என்று புரிந்ததும் மணிக்கு அரைத் தம்ளர் ஆக்கிவிட்டார். யாரும் கேட்காமல் செய்த இந்த அரைத் தம்ளர்க் கணக்கு எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

பிழையும் விட்டார். திங்கட்கிழமை மாதுளம்பழம் ஜூஸ் அடித்துக்கொண்டு வந்தார், விலை கூடிய பழம், பெருமையாக. டெங்குக்குச் சிவப்பும் கபிலமும் தரக்கூடாது. சத்தி எடுத்தால் இரத்தமா ஜூஸா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் சொன்னதும் ஒன்றும் பேசாமல் தானே குடித்துவிட்டு, கொப்பியில் "சிவப்பு வேண்டாம்" என்று எழுதினார். ஊரிலிருந்து மாமி போன் எடுத்து பப்பாசி இலைச் சாறு என்றார். இவர் "சரி அம்மா, சரி அம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு போனை வைத்ததும் ஜீவனிதான் கலந்தார். அந்தக் கசப்புச் சாறு குடித்து, வயிறு புரட்டி, உள்ளே போன தண்ணீரும் வெளியே வந்து வாட்டுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

செவ்வாய் இரவு எனக்கு எலும்பை முறிக்கிற மாதிரி வலி. பெனடோல் இரண்டு வில்லை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் கிடையாது. அடுத்த வேளைக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. அலுமாரியில் என் முழங்கால் வலிக்கு வாங்கிய டைக்ளோபெனாக் இருக்கிறது, அதைத் தாருங்கோ என்றேன். ஐபுபுரோபன், டைக்ளோபெனாக், அஸ்பிரின், இவையெல்லாம் டெங்கில் இரத்தக் கசிவைக் கூட்டும், எத்தனை பேருக்கு நானே சொல்லியிருப்பேன். வலி வந்தால் தாதியும் வருத்தக்காரிதான்.

"இல்லை" என்றார்.

"நேர்ஸ் நீங்களா நானா?" என்று கத்தினேன்.

"நீர்தான். ஆனா இப்ப நீர் வருத்தக்காரி, நான் நேர்ஸ். டொக்டரிட்டை கேட்கிறன், அவர் தரச் சொன்னாத் தாறன்."

கேட்டார், டொக்டர் நன்றாக ஏசியிருக்கிறார். பிறகு இவர் வெதுவெதுப்பான தண்ணீரில் துவாயை நனைத்து கழுத்து, கக்கம் என்று துடைத்துக்கொண்டே இருந்தார், நான் ஏசிக்கொண்டே இருந்தேன். கலியாணம் முடித்து அத்தனை வருஷத்தில் இந்த மனிசன் நான் கேட்ட எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை. அந்த ஒரு "இல்லை"யை நான் மன்னிக்க இரண்டு நாள் எடுத்தது.

மூன்றாம் நாளிலிருந்து தினமும் இரத்தப் பரிசோதனை. புதன் பிளேட்லட் 1 லட்சத்து 42 ஆயிரம், வியாழன் 1 லட்சத்து 18 ஆயிரம். வெள்ளி விடியக் காய்ச்சல் விட்டது. உடம்பு குளிர்ந்துவிட்டது, நான் எழும்பி உட்கார்ந்தேன். மைத்துனி போனில் "கடவுளே, காய்ச்சல் விட்டிட்டுது, இனிப் பயமில்லை" என்று அழுதார். பெரும்பாலான வீடுகளில் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். கணவன் வேலைக்குத் திரும்புவார், அல்லது மனைவி குவிந்த துணியைத் துவைக்கப் போவார். ஆனால் டெங்கில் ஆபத்தான 24 முதல் 48 மணித்தியாலம் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. இரத்தக் குழாய்ச் சுவர் கசிந்து, இரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் போகும். ஆள் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார், கையும் காலும் மட்டும் சில்லிட்டிருக்கும்.

இவர் என் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். கொப்பியைப் பார்த்தார். "இரவு 11 மணிக்குப் பிறகு செலவு இல்லை" என்றார். அப்போது காலை ஐந்தரை. எனக்கு வயிற்றில் ஒரு நோவு இருந்தது, சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தே கேட்டார். விடிந்ததும் ஓட்டோ. பிளேட்லட் 96 ஆயிரம். ஒரு லட்சத்துக்குக் கீழே என்றால் வாட்டுக்குத்தான், உடனே அனுமதித்தார்கள்.

வாட்டு டொக்டர் சின்னப் பொடியன், அந்தக் கொப்பியை வாங்கி இரண்டு நிமிஷம் பேசாமல் புரட்டினார். ஏன் என்று சொல்கிறேன். கசிவு நேரத்தில் கணக்கு தலைகீழாக மாறும். ஐம்பது கிலோ ஆளுக்கு அந்த 48 மணித்தியாலத்துக்கும் சேர்த்து 4600 மில்லிலீற்றர் அளவில் ஒரு பங்கு போட்டு, சேலைனும் வாயால் குடிப்பதும் அதற்குள் அடங்க வேண்டும். கூடினால் அதுவும் கசிந்து நெஞ்சில் நின்று மூச்சு முட்டும். அதுவரை குடி குடி என்று கெஞ்சியவர் இப்போது தரக்கூடாது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் செவ்விளநீர் கொண்டு வந்தார்கள், பாசம்தான், போத்தல் போத்தலாக. இவர் ஒவ்வொன்றையும் வாங்கி நன்றி சொல்லிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டு தாகம். நான் கேட்க, ஒரு பஞ்சை நனைத்து உதட்டைத் தடவிவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, நான் அழுவதைப் பார்க்காமல் யன்னல் பக்கம் திரும்பி நின்றார். கொண்டு வந்து கொடுப்பது எவருக்கும் முடியும், கேட்கும்போது கொடுக்காமல் பக்கத்தில் நிற்க நெஞ்சு வேண்டும்.

பிளேட்லட் 31 ஆயிரம் வரை போய்த் திரும்பி ஏறியது. கையிலும் காலிலும் அரிப்போடு சிவப்புத் தடிப்பு வந்தது, அது குணமாகும் அடையாளம். வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் படியேறினால் மூச்சு வாங்கும், காரணமில்லாமல் அழுகை, இரண்டு மாதம் கழித்துத் தலைமுடி கொத்தாகக் கொட்டியது. இந்தப் பகுதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, விசிட்டர்ஸ் வருவதில்லை, காட்டிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. இவர் அந்த ஒரு மாதமும் கடைக்குப் போவதற்கு முன்னால் தேங்காய் துருவி வைத்துவிட்டுப் போனார். தேங்காய் துருவக் கை வலிக்கும் என்று நான் எப்போது சொன்னேனோ, தெரியாது.

ஆனால் நேயர்களே, இதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் பொய் சொன்னதாகிவிடும். போன வருஷம் இவருக்குக் காய்ச்சல் வந்தது. கிளினிக்கில் டொக்டர் நான் இத்தனை வருஷம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார், எப்போது தொடங்கியது? நான் உடனே, தாதியின் குரலில், "நேற்றுக் காலை" என்றேன்.

கட்டிலில் படுத்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே, "இல்லை டொக்டர், முந்தாநாள் பின்னேரம் மூன்று மணி" என்றார்.

டொக்டர் என்னைப் பார்க்காமல் அதை எழுதிக்கொண்டார்.