பொட்டாசியத்துக்கு வேகம், சோடியத்துக்கு நிதானம்

வணக்கம். செவிலியம் படிக்கும் மாணவிகளுக்காக இன்று ஒரு நோயாளியை வைத்துப் பேசுகிறேன்.

68 வயது அம்மா என்று வைத்துக்கொள்வோம். இதயம் பலவீனமானதால் எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரைகள் சாப்பிடுகிறார். நான்கு நாளாக வயிற்றுப்போக்கு. வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டு, மாத்திரைகளையும் விடாமல் போட்டிருக்கிறார். இப்போது குழப்பமாகப் பேசுகிறார், கைகால் தளர்ந்திருக்கிறது. சோடியம் 116, பொட்டாசியம் 7.1. இயல்பாக சோடியம் 135 முதல் 145 வரை, பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும்.

ஏன் இப்படி? நீர் வற்றியதால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைந்துவிட்டது. பொட்டாசியத்தை வெளியேற்ற உதவும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனையும் அந்த மாத்திரைகள் தடுக்கின்றன. அதனால் பொட்டாசியம் தேங்கியது. வற்றிய உடல் குடித்த தண்ணீரைச் சிறுநீராக விடாமல் பிடித்துவைத்ததால் சோடியம் நீர்த்துப்போனது.

முதலில் பொட்டாசியம், ஏனென்றால் அது இதயத்தை நிறுத்திவிடும். உடனே ஈசிஜி எடுங்கள். டி அலை கூராக உயர்ந்திருந்தாலோ, கியூஆர்எஸ் அகன்றிருந்தாலோ மறு இரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கக் கூடாது. ஈசிஜி சரியாக இருந்து, ரத்த மாதிரி சிதைந்திருந்தால் மட்டும் மறுபடி எடுத்து அனுப்பலாம்.

மருத்துவர் முதலில் கேட்பது 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட். 10 மில்லியை ஐந்து முதல் பத்து நிமிடத்தில், மானிட்டரைப் பார்த்தபடி நரம்பில் ஏற்றுவார்கள். ஊசி நரம்பில் சரியாக இருக்கிறதா என்று முன்பே பாருங்கள், வெளியே கசிந்தால் தசை புண்ணாகும். இது இதயத்தைக் காக்குமே தவிர, பொட்டாசியத்தைக் குறைக்காது. பயன் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான்.

அதற்குள் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ள, ரெகுலர் இன்சுலின் 10 யூனிட்டோடு 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி போகும். சால்பியூட்டமால் நெபுலைசரும் வைப்பார்கள். இன்சுலின் கொடுத்தபின் ஆறு மணி நேரம் வரை மணிக்கொரு தடவை சர்க்கரை பாருங்கள். சிறுநீரகம் பலவீனமானவருக்கு இன்சுலின் நெடுநேரம் வேலை செய்யும், சர்க்கரை தாமதமாகவும் இறங்கலாம். இதற்கெல்லாம் பிறகும் பொட்டாசியம் உடலில்தான் இருக்கிறது. சிறுநீர் வழியாக வெளியேறாவிட்டால் டயாலிசிஸ்தான்.

அப்புறம் சோடியம். வலிப்பு வந்தாலோ நினைவு தப்பினாலோ 3 சதவீத சலைன் 100 முதல் 150 மில்லி வரை பத்து, இருபது நிமிடத்தில் கொடுப்பார்கள். இந்த அம்மாவுக்கு வலிப்பில்லை, எனவே சாதாரண சலைன் போதும். 24 மணி நேரத்தில் சோடியம் 8-க்கு மேல் ஏறக் கூடாது, அதாவது நாளை இதே நேரம் 124-ஐத் தாண்டக் கூடாது. அவசரமாக ஏறினால் மூளைத்தண்டில் நரம்புறை சிதைந்து, சில நாள் கழித்துப் பேச்சு குழறும், விழுங்க முடியாமல் போகும்.

இங்கேதான் உங்கள் கண் வேண்டும். நீர்ச்சத்து நிரம்பியதும் உடல் பிடித்துவைத்த தண்ணீர் ஒரேயடியாக வெளியேறும், சோடியமும் தானாகவே தாவி ஏறும். யூரின் பேக்கில் மணிக்கு 100 மில்லிக்கு மேல் நிறமற்ற சிறுநீர் சேரத் தொடங்கினால், அடுத்த ரிப்போர்ட் வரட்டும் என்று இருக்காமல் டியூட்டி டாக்டரை அழைத்து, சோடியத்தை உடனே மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.